ஒரு பட்டாணி அளவு ஜெல்

திண்டுக்கல்லோ தென்காசியோ, பள்ளி விட்ட நேரத்தில் ஒரு மருந்துக்கடை வாசலில் கொஞ்சம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்.

“அண்ணா, பிம்பிளுக்கு நல்ல க்ரீமா ஒண்ணு குடுங்கண்ணா.”

“எவ்வளவு ரேஞ்சுலம்மா?”

அறுபது ரூபாய்க்கு ஒன்று, நூற்றி இருபதுக்கு ஒன்று, முந்நூற்றைம்பதுக்கு ஒன்று என்று மூன்று பெட்டிகள் மேஜைக்கு வரும். அந்தப் பெண் கையிலிருக்கும் பணத்தை எண்ணிவிட்டு நடுவிலிருப்பதை எடுத்துக்கொண்டு போவாள். மூன்றிலும் என்ன மருந்து இருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. பதின்வயதுப் பிள்ளைகளின் பணமும் சில நேரம் முகமும் கெடுவது இந்த இடத்தில்தான். ஏனென்றால் லேசான முகப்பருவுக்கு உண்மையில் வேலை செய்யும் பொருள் விலை உயர்ந்ததல்ல. அது எந்தக் கண்ணாடி அலமாரியிலும் பளபளப்பாக நிற்பதில்லை, அவ்வளவுதான். பென்சாயில் பெராக்சைடு என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளிலும் கட்டாயம் கிடைக்க வேண்டும் என்று தொகுத்திருக்கும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முகப்பருவுக்காக இடம்பெற்றிருக்கும் மருந்து இது.

லேசான பரு என்றால் எது? நெற்றி, மூக்கு, கன்னத்தில் கொஞ்சம் கரும்புள்ளிகள், தோலோடு தோலாகத் தடவினால் தட்டுப்படும் சிறு பொரிகள், அங்கங்கே சிவந்த பருக்கள், ஒன்றிரண்டில் மஞ்சள் முனை. இவ்வளவுதான் இருக்கிறது என்றால் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். தொட்டாலே வலிக்கிற, ஆழத்தில் கட்டி போல் உருளுகிற பருக்கள் இருந்தாலோ, பரு ஆறிய இடத்தில் குழி விழுந்தாலோ அது வேறு கதை. அதற்குக் கடைசியில் வருவோம்.

பரு அழுக்கால் வருவதல்ல. இதை முதலில் வீட்டிலுள்ள பெரியவர்கள் நம்ப வேண்டும். “மூஞ்சிய ஒழுங்கா கழுவுனாத்தானே” என்று திட்டு வாங்கிய பிள்ளைகள்தான் ஒரு நாளைக்கு ஐந்து தடவை சோப்புப் போட்டுத் தேய்க்கிறார்கள். பருவ வயதில் ஹார்மோன்கள் எழும்பும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் பெரிதாகி அதிகமாகச் சுரக்கின்றன. அதே சமயம் மயிர்க்காலின் உள்சுவரில் உதிர வேண்டிய செல்கள் சரியாக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைத்துவிடுகின்றன. உள்ளே எண்ணெய் தேங்குகிறது. தோலில் எப்போதும் இருக்கும் ஒரு பாக்டீரியா அந்த எண்ணெயில் பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் வருகின்றன. கரும்புள்ளியின் கறுப்புகூட அழுக்கு அல்ல. அடைப்பின் வாய் திறந்திருப்பதால் உள்ளிருக்கும் பொருள் காற்றுப் பட்டுக் கறுத்துப்போவதுதான். தேய்த்தால் போகாததற்குக் காரணம் அதுவே.

இதில் பெரும்பாலானோர் கவனிக்காத ஒன்று காலக்கணக்கு. கண்ணுக்குத் தெரியாத முதல் அடைப்பு உருவாகி, இன்று கன்னத்தில் சிவப்பாக நிற்கும் பருவாக வளர்வதற்குப் பல வாரங்கள் ஆகும். அப்படியானால் இன்றிரவு பூசும் எந்த மருந்தும் அடுத்த மாதம் வரப்போகும் பருவைத்தான் முக்கியமாகத் தடுக்கிறது; ஏற்கெனவே கிளம்பிவிட்டது வந்தே தீரும். பத்து நாள் பூசிப் பார்த்துவிட்டு “இது எனக்கு ஒத்து வரல” என்று அடுத்த டியூபுக்குத் தாவும் பிள்ளைகள் எந்த மருந்துக்கும் வேலை செய்ய நேரமே கொடுப்பதில்லை. எட்டு வாரம் ஆன பிறகு முதல் கணக்கு, பன்னிரண்டு வாரத்தில் முழுக் கணக்கு. தோல் மருத்துவர்கள் சொல்லும் கால அளவு இதுதான்.

பென்சாயில் பெராக்சைடு தோலுக்குள் இறங்கியதும் உடைந்து ஆக்சிஜனை வெளிவிடுகிறது. அந்தப் பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழப் பழகியது. இந்தத் தாக்குதலை அது தாங்காது. கூடவே அடைப்பையும் ஓரளவு இளக்குகிறது. பருவுக்கு அதிகமாக விற்கும் கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஜெல்களோடு ஒப்பிட்டால் இதற்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. ஆன்டிபயாடிக்கைத் தனியாக மாதக்கணக்கில் பூசினால் பாக்டீரியா அதற்குப் பழகி, மருந்து செல்லாக் காசாகிவிடும். பென்சாயில் பெராக்சைடு விஷயத்தில் அப்படிப் பழகிய பாக்டீரியா இதுவரை பிரச்சினையாக வந்ததில்லை. அதனால்தான் மருத்துவர்கள் கிளிண்டமைசின் எழுதினாலும் இதையும் சேர்த்தே எழுதச் சொல்கின்றன சிகிச்சை வழிகாட்டுதல்கள். கடையில் தானாகக் கேட்டு வாங்கும் பிள்ளைகளின் கையில் கிளிண்டமைசின் மட்டும் இருக்கும் டியூப் வருவதுதான் வழக்கமாக நடக்கிறது.

சதவீதத்தில்தான் அடுத்த தடுமாற்றம். 2.5, 5, 10 என்று மூன்று அளவுகள் உண்டு. பெரிய எண்ணைப் பார்த்தால் பலமான மருந்து என்று தோன்றும். 1986-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 153 பேரிடம் இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிவந்த பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவீதம் மற்ற இரண்டுக்கும் இணையாகவே நின்றது. பத்து சதவீதம் பூசியவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது எரிச்சலும் தோலுரிதலும்தான். எனவே கடையில் கேட்க வேண்டியது “பென்சாயில் பெராக்சைடு இரண்டரை சதவீத ஜெல்”. கம்பெனிப் பெயர் எதுவானாலும் சரி. டியூபின் பின்பக்கத்தில் மருந்தின் பெயரும் சதவீதமும் அச்சிட்டிருக்கும், அதைப் படித்து வாங்க வேண்டும். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் பக்கத்தில் இருந்தால் அங்கேயும் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதினொன்றாம் வகுப்புப் பெண், பதினாறு வயது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா தையல். முகத்துக்கென்று மாதம் இருநூறு ரூபாய்க்கு மேல் கேட்க அவளுக்கே மனசு வராது. நெற்றி நிறையச் சிறு பொரிகள், இரண்டு கன்னத்திலும் சேர்த்து எட்டுப் பத்துச் சிவந்த பருக்கள். பாத்ரூம் ஜன்னல் திட்டில் இருப்பவை: கரி கலந்த ஃபேஸ் வாஷ், வால்நட் ஸ்கரப், முல்தானி மட்டிப் பாக்கெட், சீரியல் நடுவே விளம்பரம் பார்த்து வாங்கிய ஒரு வெளுப்பு க்ரீம். அடுப்படியிலிருந்து அவ்வப்போது எலுமிச்சைச் சாறு, ராத்திரியில் பருவின் மேல் டூத்பேஸ்ட்.

முதல் வேலை வாங்குவதல்ல, நிறுத்துவது. ஸ்கரப்பின் பொடி வீங்கிய பருவைக் கீறுகிறது. எலுமிச்சைச் சாறு கடும் அமிலம். பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். டூத்பேஸ்டிலுள்ள நுரைப்பொருளும் புதினாச் சத்தும் பருவைச் சுற்றியுள்ள தோலை எரிக்கின்றன. பரு காய்ந்ததுபோல் தெரியும், ஆனால் தடம் இன்னும் கறுப்பாக நிற்கும். முல்தானி மட்டி எண்ணெயை உறிஞ்சி ஒரு மணி நேரம் முகத்தைப் பளிச்சென்று காட்டும், அடைப்பை ஒன்றும் செய்யாது. வாரத்துக்கொரு முறை ஆசைக்குப் போட்டால் கெடுதல் இல்லை, மருந்தாக நினைக்க வேண்டாம். மஞ்சளும் வேப்பிலையும் அப்படியே. வெளுப்பு க்ரீமைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

அவளுடைய நெற்றிக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய். காலையில் வழிய வழிய எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டால், வெயிலில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போவதற்குள் அது நெற்றிக்கும் கன்னத்து ஓரத்துக்கும் இறங்கிவிடும். முடிக்குப் பூசும் எண்ணெய்ப் பசையால் நெற்றி விளிம்பில் இப்படிச் சிறு பொரிகள் கிளம்புவதை மருத்துவ உலகம் ஐம்பது வருடத்துக்கு முன்பே தனி வகையாக எழுதி வைத்திருக்கிறது. அடையாளம் எளிது: பொரிகள் முடி தொடங்கும் கோட்டை ஒட்டி அடர்த்தியாகவும் கீழே இறங்க இறங்கக் குறைவாகவும் இருக்கும். ஆனால் இதை வீட்டில் சொன்னால் உடனே சண்டை வரும்.

“எண்ணெ வைக்காம போனா தலை என்னத்துக்குடி ஆகும்?”

“வைக்கவே வேணாம்னு சொல்லலம்மா. ராத்திரி வச்சிட்டு காலையில அலசிக்கிறேன்.”

இந்தச் சமரசம் போதும். பள்ளிக்கூடம் போகும்போது எண்ணெய் வேண்டாம். வைக்கிற நாளில் நுனிமுடிக்கும் உச்சிக்கும் மட்டும் வைத்து, நெற்றியைத் துடைத்துவிட்டு, தலையணை உறையை வாரம் இருமுறை மாற்றினால் ஆயிற்று. தீபாவளிக்கும் சனிக்கிழமைக்கும் எண்ணெய்க் குளியல் இருந்தால் குளித்த கையோடு முகத்தை மட்டும் இன்னொரு முறை கழுவிக்கொள்ளலாம். முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் மட்டும், பரு இருக்கும்வரை, கண்டிப்பாக வேண்டாம்.

இப்போது வாங்க வேண்டியவை. முதலில் கழுவுவதற்கு ஒன்று. சாதாரணக் குளியல் சோப்பு காரத்தன்மை கொண்டது. நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. தினமும் பருமுகத்தில் அதையே போட்டால் தோல் இழுத்துப் பிடித்து, மேலே பூசும் மருந்து இன்னும் எரியும். சோப்புபோல் கட்டியாக இருந்தாலும் காரம் இல்லாத, மாய்ஸ்சரைசர் கலந்த பார்கள் அறுபது, எழுபது ரூபாய்க்குக் கிடைக்கின்றன. முகத்துக்கு மட்டும் என்று பாதியாக வெட்டி வைத்துக்கொண்டால் இரண்டு மாதம் வரும். காலையில் ஒன்று, மாலையில் வியர்த்து வீடு வந்ததும் ஒன்று என இரண்டு முறை. நடுவில் பிசுபிசுப்பாக இருந்தால் வெறும் தண்ணீர் போதும். சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபேஸ் வாஷ் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் காலையில் மட்டும் பயன்படுத்தலாம், கரும்புள்ளிக்குக் கொஞ்சம் உதவும். அதற்கென்று தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை; முப்பது வினாடியில் கழுவிவிடும் பொருள் செய்யக்கூடிய வேலை அவ்வளவுதான்.

இரண்டாவது, ஜெல். இதைப் பூசும் முறையில்தான் வெற்றியும் தோல்வியும். பெரும்பாலானோர் செய்வது, பருவைத் தேடித் தேடி அதன் தலையில் பொட்டு வைப்பது. வரப்போகும் பரு எங்கே இருக்கிறது என்று கண்ணாடியில் தெரியாதே. அதனால் பரு வழக்கமாக வரும் பகுதி முழுவதும் பூச வேண்டும். அளவு, முழு முகத்துக்கும் ஒரே ஒரு பச்சைப் பட்டாணி. அதை விரல்நுனியில் எடுத்து நெற்றியில் ஒன்று, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று என்று ஐந்து புள்ளியாக வைத்து மெல்லப் பரப்ப வேண்டும். பரப்பிய பிறகு வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம். கண்ணைச் சுற்றி, மூக்கின் இரு மடிப்பு, உதட்டோரம் ஆகிய மூன்று இடங்களிலும் படக்கூடாது. முகம் கழுவியவுடன் ஈரத்தில் பூசினாலும் எரியும். ஒரு பத்து நிமிடம் காயவிட்டுப் பூச வேண்டும்.

ஒரு பட்டாணி என்பது சுமார் கால் கிராம். தினம் இரவு ஒரு முறை என்றால் மாதத்துக்கு ஏழரை கிராம். ஆக இருபது கிராம் டியூப் இரண்டரை மாதத்துக்கு மேல் வரும். டியூப் நூற்றைம்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு அறுபது ரூபாய்தான் ஆகிறது. ஒரு டியூப் மூன்றே வாரத்தில் தீர்ந்தால் பருவுக்கு வேகம் கூடியிருக்காது, எரிச்சல்தான் கூடியிருக்கும்.

மூன்றாவது, மாய்ஸ்சரைசர். எண்ணெய் வழியும் முகத்துக்கு இது எதற்கு என்று தோன்றும். மருந்து தோலை உலர்த்தும், உலர்ந்த தோல் உரியும், உரிகிறதே என்று பயந்து பிள்ளை மருந்தை நிறுத்திவிடும். நிறுத்த விடாமல் காப்பதுதான் மாய்ஸ்சரைசரின் வேலை. ஜெல் வடிவிலோ லேசான லோஷனாகவோ, “நான் காமெடோஜெனிக்” என்று அட்டையில் இருப்பதாகப் பார்த்து வாங்கினால் நல்லது. நூறு ரூபாய்ப் பாட்டில் முகத்துக்கு மட்டும் என்றால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். கணக்கைக் கூட்டினால் மூன்றுக்கும் சேர்த்து மாதம் நூற்றைம்பதுக்குள் வந்துவிடுகிறது.

நான்காவதாகச் சன்ஸ்கிரீன். நம் நிறத்தில் பரு போன பிறகும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். பலருக்குப் பருவைவிட அந்தத் தடம்தான் கவலை. வெயில் அந்தக் கறுப்பை இன்னும் அழுத்தமாக்குகிறது. சன்ஸ்கிரீன் உதவும், சந்தேகமில்லை. ஆனால் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பூசினால்தான் அட்டையில் போட்ட பாதுகாப்பு கிடைக்கும். அப்படிப் பூசினால் ஐம்பது கிராம் டியூப் ஒன்றரை மாதத்துக்குள் காலி. இருநூறு ரூபாய்க்குள் முடிக்க வேண்டிய வீட்டில் இது கட்டாது. அவர்களுக்குக் குடையும் தொப்பியும் துப்பட்டாவும் நேர்மையான மாற்று. ஜெல்லை வாங்காமல் சன்ஸ்கிரீன் வாங்குவது மட்டும் தலைகீழ் கணக்கு. பணம் கொஞ்சம் சேரும்போது, எண்ணெய்ப் பசையில்லாத ஜெல் வகை, எஸ்பிஎஃப் முப்பதுக்குக் குறையாமல் வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பெண்ணின் பன்னிரண்டு வாரம் இப்படிப் போகும். தொடங்குவதற்கு முன் மூன்று இரவு தாடைக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் மட்டும் பூசிப் பார்க்கிறாள். லேசாகக் கூசியது, வேறொன்றும் இல்லை. முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். நான்காம் நாளே மூக்கோரமும் தாடையும் உரிய ஆரம்பிக்கின்றன. இங்கேதான் பாதிப் பேர் கைவிடுவார்கள். அவள் ஒரு இரவு விட்டு, முதலில் மாய்ஸ்சரைசர் தடவி, அதன்மேல் ஜெல் பூசுகிறாள்; எரிச்சல் அடங்குகிறது. மூன்றாம் வாரத்திலிருந்து தினமும். நான்காம் வாரம் கண்ணாடியைப் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை, புதிதாக இரண்டு பரு வேறு. எண்ணிப் பார்க்காவிட்டால் இங்கே இரண்டாவது முறை கைவிடுவார்கள். எண்ணினால் தெரியும்: பழையவை ஆறுகின்றன, புதிதாக வருபவை சிறியதாகவும் சீக்கிரம் அமுங்குபவையாகவும் இருக்கின்றன. அதனால் முதல் நாளே ஒரே ஜன்னல், ஒரே வெளிச்சத்தில் முகத்தின் மூன்று பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, நான்கு வாரத்துக்கொரு முறை மட்டும் ஒப்பிடச் சொல்வது நல்ல வழி. தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. எட்டாம் வாரத்தில் சிவந்த பருக்கள் பாதியாகக் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. பன்னிரண்டாம் வாரத்தில் ஒன்றிரண்டு மட்டும் வந்து போகலாம். அப்போது சட்டென்று நிறுத்தாமல் வாரத்தில் மூன்று இரவு என்று குறைத்துத் தொடர வேண்டும். பருவைக் கிளப்பும் ஹார்மோன் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அவளுடைய அம்மாவின் கோபம் எதில் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஜெல் துணியை வெளுக்கும். நீலத் துண்டில் ஆரஞ்சு நிறத் திட்டு விழும், பூப்போட்ட தலையணை உறை சாயம் போகும், யூனிஃபார்ம் காலரில் பட்டால் அது திரும்பாது. வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை, பூசியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது ஆகியவை கட்டாயம். டியூபைச் சூட்டிலும் வைக்கக்கூடாது. சூடு ஏறினால் இந்த மருந்து சிதைந்து அதில் பென்சீன் என்ற கெட்ட பொருள் உருவாகலாம். 2025-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதித்துப் பார்த்ததில் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன, சில பொருள்கள் மட்டும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. ஓட்டுக்கூரை வீட்டில் ஜன்னல் திட்டும் ஸ்கூட்டி டிக்கியும் அதற்கு இடமில்லை. இரும்பு பீரோவின் கீழ்த் தட்டில் வைக்கலாம், காலாவதித் தேதி கடந்தால் தூக்கிப் போட வேண்டும்.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. உலர்வதும் லேசாக உரிவதும் கொஞ்சம் சிவப்பதும் எதிர்பார்க்க வேண்டியவை. ஒரு நாள் விட்டால் அடங்கும். இமை வீங்கினால், கடுமையாக அரித்தால், சின்னக் கொப்புளம் கிளம்பினால் அது ஒவ்வாமை. உடனே கழுவிவிட்டு அந்த மருந்தை அதற்குப் பிறகு தொடக்கூடாது. சிலருக்குத்தான் வரும், ஆனால் அடையாளம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சில முகங்களில் இந்த ஜெல் எடுபடாது, அதற்கும் காரணம் உண்டு. சிவந்த பரு அதிகம் இல்லாமல், தோல் நிறத்திலேயே சிறு பொரிகளும் கரும்புள்ளிகளும்தான் நிறைந்திருக்கின்றன என்றால் அடைப்பைத் திறக்கும் மருந்து வேண்டும். அடாபலீன் 0.1 சதவீத ஜெல் அதற்கானது. அமெரிக்காவில் 2016 முதல் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்குச் சீட்டு இல்லாமலே தருகிறார்கள். இங்கே ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குவதே முறை. அதையும் அதே பட்டாணி அளவில், இரவில், பொறுமையாகத்தான் பூச வேண்டும். இன்னொரு வகை, நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில், ஒரே மாதிரி, நன்றாக அரிக்கும் பொரிகள். நம் புழுக்கத்தில் இது சகஜம். பரு பொதுவாக இப்படி அரிப்பதில்லை. இது மயிர்க்காலில் பூஞ்சை பெருகுவதால் வருவது, பருமருந்துக்கு அடங்காது, பூஞ்சை மருந்துதான் வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பையன்களுக்குத் திடீரெனப் பரு பெருகினால், புதிதாகக் குடிக்க ஆரம்பித்த வே புரோட்டீன் பவுடரை ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம்.

இனி அந்த வெளுப்பு க்ரீம். இதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. மருந்துக்கடைகளில் முகத்துக்கென்று விற்கும் மலிவான சில டியூப்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசிய நான்காம் நாளே வீக்கம் வற்றும், முகம் வெளுத்துப் பளபளக்கும். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் நாலு பேர் வாங்குவார்கள். சில மாதத்தில் தோல் மெலிந்து, சிவந்த நரம்புகள் கோடு கோடாகத் தெரிந்து, பெண் பிள்ளைகளின் கன்னத்தில் பூனைமுடி அடர்ந்து, நிறுத்தியதும் முகமே எரிந்து ஒரே நேரத்தில் பரு கொப்பளிக்கும். எரிகிறதே என்று மறுபடி அதையே பூசுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்கு ஸ்டீராய்டால் சேதமான முகம் என்று தனிப் பெயரே வைக்கும் அளவுக்கு நோயாளிகளைப் பார்த்துவிட்டார்கள். 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. இருந்தும் கேட்டால் கிடைக்கிறது. டியூபின் பின்னால் பீட்டாமெத்தசோன், குளோபிடசால், மொமெட்டசோன், ஃபுளுவோசினோலோன் என்று எது இருந்தாலும் பருவுக்கு அது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் ஏற்கெனவே பூசியிருந்தால் தானாக நிறுத்தாமல் மருத்துவர் சொல்லும் முறையில் விட வேண்டும்.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரங்களும் தெளிவானவை. பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் அடங்கவில்லை. ஆழத்தில் வலிக்கும் கட்டிகள். குழி விழும் தழும்பு. பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போவதோடு தாடையில் முடியும் சேர்ந்து வருவது. பரு காரணமாகப் பிள்ளை பள்ளிக்கே போக மறுப்பது. இதில் எது இருந்தாலும் காத்திருக்கக்கூடாது, தழும்பு விழுந்த பிறகு அதைச் சரிசெய்ய ஆகும் செலவு எந்த நடுத்தர வீட்டுக்கும் தாங்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது; காலையில் போய்ப் புறநோயாளிச் சீட்டுப் போட்டுப் பார்க்கலாம், பணம் கேட்க மாட்டார்கள். போகும்போது முகத்தில் எதுவும் பூசாமல் போக வேண்டும். இதுவரை பூசிய டியூப்களையெல்லாம், காலியானவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனால் உள்ளே என்ன இருந்தது என்று மருத்துவர் பெயரைப் படித்தே தெரிந்துகொள்வார்.